பொருந்தாத பில் எங்கே?

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுத வருவதற்கு முன் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் என்பதால் இதைக் கேட்கத் துணிகிறேன். எங்கள் கணக்குப் பிரிவில் மூன்று பேர் இருக்கிறோம். நாங்கள் கொடுக்கும் கொள்முதல் ஆணையான பி.ஓ., வந்த சரக்குக்கு ஸ்டோர் எழுதும் வரவுச் சீட்டான ஜி.ஆர்.என்., சப்ளையரின் பில் மூன்றையும் ஒப்பிட்ட பிறகே சப்ளையருக்குப் பணம் தருகிறோம். பில் வந்ததும் ஸ்டோருக்கு அனுப்புவோம். அவர்கள் ஜி.ஆர்.என். போட்டு, பில்லோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவார்கள். கடந்த ஓராண்டில் விலையில் சில வித்தியாசங்கள் வந்தன. அளவில் ஒன்றுகூட வரவில்லை. சிறு வித்தியாசங்களைக் கண்டுகொள்ளாமல் விட இரண்டு சதவீதம் வைக்கலாமா, ஐந்து வைக்கலாமா? மேலாளர் ஜி.ஆர்.என். ஒப்பீட்டையே நிறுத்திவிடலாம் என்கிறார். பில் தாமதமாவதைத் தவிர அதனால் என்ன கண்டோம் என்று கேட்கிறார். சேவை பில்களுக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மேலாளர் சொல்வது சரி. நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டால் எந்த நஷ்டமும் வராது. வருகிற நஷ்டம் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது.

கோபப்படாதீர்கள். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், பில்லை ஸ்டோருக்கு அனுப்புவதாக. அதற்குச் சற்றுத் தள்ளி அளவு வித்தியாசமே வந்ததில்லை என்று ஓரளவு பெருமையுடன் சொல்கிறீர்கள். இரண்டாவது வரிக்குக் காரணம் முதல் வரி என்பது உங்களுக்குத் தோன்றவில்லையா? விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைக்கிறீர்கள். எல்லோரும் நூறு மதிப்பெண் வாங்குகிறார்கள். இனித் தேர்வே வேண்டாமே என்கிறார் மேலாளர்.

மூன்று காகிதங்களில் இரண்டு வெறும் பேச்சு. என்ன வாங்க ஒப்புக்கொண்டோம், என்ன விலைக்கு என்று பி.ஓ. சொல்கிறது. எவ்வளவு பணம் வேண்டும் என்று பில் சொல்கிறது. சரக்கைக் கண்ணால் பார்த்தவர் எழுதுவது ஜி.ஆர்.என். ஒன்றுதான். அதைப் பில்லைப் பார்த்து எழுதினால் உங்கள் மேசையில் மூன்று காகிதம் இருக்கும், சாட்சி ஒன்றுகூட இருக்காது. சப்ளையர் சொன்னதைச் சப்ளையர் சொன்னதோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். சரக்கோடு வரும் டெலிவரி சலானைப் பார்த்து எழுதினாலும் இதே கதைதான். சலானும் சப்ளையரின் காகிதம். அவரது கிடங்கில் யாரோ அவசரத்தில் எழுதியது.

ஓர் உதாரணத்தைக் கடைசிவரை போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் அட்டைப்பெட்டிக்கு பி.ஓ. போடுகிறீர்கள், பெட்டி ஒன்றுக்கு 40. முதல் வண்டியில் 24 கட்டுகள் வருகின்றன. கட்டுக்கு 25 என்று பேச்சு. சலானில் 600 என்று இருக்கிறது. இறக்குகிறவர் கட்டுகளை எண்ணுகிறார், 24 சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டிலும் 24 பெட்டிகள்தான் இருக்கின்றன. வந்தது 576. பில் 600-க்கு, அதாவது 24,000-க்கு வருகிறது. கொடுக்க வேண்டியது 23,040. வித்தியாசம் 960.

இப்போது உங்கள் சதவீதக் கேள்வியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். ஜி.ஆர்.என்.-இல் 600 என்று இருந்தால் இரண்டு சதவீதமும் பிடிக்காது, பூஜ்யமும் பிடிக்காது, ஏனென்றால் பிடிப்பதற்கு வித்தியாசமே இல்லை. 576 என்று இருந்தால் பில் சுமார் நான்கு சதவீதம் கூடுதலாக நிற்கும். இரண்டு வைத்திருந்தால் பில் நிறுத்தப்படும், ஐந்து வைத்திருந்தால் சத்தமில்லாமல் கடந்துபோகும். ஆகவே எண்ணி வாங்கும் சரக்கில் அளவுக்குச் சலுகையே வேண்டாம். விலையில் மட்டும் ஒரு சிறு சதவீதமும், வித்தியாசம் தாண்டக் கூடாத ஒரு தொகையும் சேர்த்து வையுங்கள். பெரிய பில்லில் இரண்டு சதவீதமே பெரிய பணம். இந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

சேவை பில்லுக்குச் சரக்கு கிடையாது. வேலை முடிந்தது என்று அந்த வேலையைக் கேட்டவரே எழுதித் தர வேண்டும். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

நான் வேலை பார்த்த இடத்தில் வயதான ஸ்டோர் கீப்பர் ஒருவர் இருந்தார். எங்களுக்கெல்லாம் அவர்மேல் கொஞ்சம் பயம். வண்டி வந்ததும் டிரைவர் நீட்டும் சலானை வாங்கி, பார்க்காமல் மேசையில் கவிழ்த்து வைப்பார். டிரைவர் வாயைத் திறந்து எண்ணிக்கையைச் சொல்லப் போனால் கையைக் காட்டி நிறுத்துவார். "காதில் விழுந்துவிட்டால் அதுதான் எண்ணிக்கையில் வரும்" என்பார். அளவுக் கட்டம் காலியாக இருக்கும் சீட்டு ஒன்று வைத்திருந்தார். எண்ணி, பேனாவால் எழுதி, நேரம் போட்டு, வண்டி எண் குறித்து, அதன் பிறகுதான் சலானைத் திருப்புவார். கொள்முதல் பிரிவில் இருந்தவர்கள் அவரைத் தலைவலி என்றார்கள். கணக்குப் பிரிவில் இருந்த எங்களுக்கு அவரது சீட்டு கிடைத்தால் அன்றைக்கு யாருக்கும் போன் செய்ய வேண்டியிராது. அவருக்கு யாரும் தணிக்கைப் பாடம் எடுக்கவில்லை. எதிர்பார்க்கும் எண்ணைத் தெரிந்துகொண்டு எண்ணுகிறவன் அந்த எண்ணிலேயே போய் நிற்பான் என்பதை மட்டும் அவர் அறிந்திருந்தார்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுவே. ஸ்டோருக்கு பி.ஓ. நகல் போகட்டும், பொருளின் பெயரோடும் அலகோடும், அளவு இல்லாமல். அலகு மிக முக்கியம்: பெட்டியா, கட்டா, கிலோவா என்பது எழுதியிருக்க வேண்டும். பி.ஓ.-வில் கட்டு, பில்லில் பெட்டி என்றிருந்தால் நீங்கள் பொருத்திப் பார்ப்பது எதையுமே அல்ல. எல்லாக் கட்டையும் பிரிக்க நேரமில்லை என்பார்கள். நியாயம்தான். எந்தக் கட்டுகளைப் பிரிப்பது என்பதை இறக்குகிறவர் தேர்ந்தெடுக்கட்டும், டிரைவர் எடுத்துக் கொடுப்பதை அல்ல. ஒன்றில் குறைந்தாலும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். சில கட்டுகளில் மட்டும் குறைவு இருந்தால் இந்த முறையில் தப்பிப்போகலாம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் உதாரணத்தைப் போல எல்லாக் கட்டிலும் ஒன்று குறைந்தால் முதல் கட்டிலேயே மாட்டிக்கொள்ளும். ஈரமானது, உடைந்தது தனிக் கட்டத்தில் போக வேண்டும். பணம் ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான்.

அதன் பிறகு பில் வரட்டும். அது ஸ்டோருக்குப் போகவே கூடாது. இதைத் திரும்பவும் சொல்கிறேன், சலித்தாலும் பரவாயில்லை: பில் ஸ்டோருக்குப் போகக் கூடாது. பில் வந்து ஜி.ஆர்.என். இல்லையென்றால் "இந்த பி.ஓ.-வுக்குச் சரக்கு வந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். "600 வந்ததா?" என்று கேட்டால் வந்தது என்றுதான் பதில் வரும். மூன்று பேர் இருக்கும் இடத்தில் இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று நினைக்காதீர்கள். சரக்கை எண்ணுகிறவர் உங்கள் மூவரில் ஒருவராக இல்லாமல் இருப்பதே நல்லது. ஆர்டர் போடுகிறவர், எண்ணுகிறவர், பணம் தருகிறவர் மூவரும் வேறாக இருந்தால் போதும்.

இந்த முறையில் நம் 600 பில் 576-இல் நிற்கும். 24 பெட்டிக்கான பணத்தைக் குறைத்துக்கொண்டதாகச் சப்ளையரிடமிருந்து கிரெடிட் நோட் வாங்குங்கள், அல்லது நீங்களே டெபிட் நோட் போட்டுக் கழித்துக்கொண்டு 23,040 கொடுங்கள். இந்த இடத்தில்தான் ஒருவர் வந்து "மீதி நாளை வந்துவிடும், இப்போதைக்கு 600 என்று போடுங்கள்" என்பார். கேட்காதீர்கள். நாளை வந்தால் நாளைய தேதியில் இன்னொரு ஜி.ஆர்.என். போட்டுக்கொள்ளலாம். ஒரு பி.ஓ.-வின் வரிக்கு மொத்தமாக எவ்வளவு ஏற்றுக்கொண்டோமோ, மொத்தமாக பில் அதைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு கணக்கு ஒழுங்காக இருந்தால் அதே பில் இரண்டாவது முறை வந்தாலும் தடுக்கும், ஏனென்றால் அதற்கு ஈடான வரவு ஏற்கெனவே தீர்ந்திருக்கும். பில்லைப் பார்த்து ஜி.ஆர்.என். போடும் இடத்தில் இரண்டாவது பில்லுக்கு இரண்டாவது ஜி.ஆர்.என். பிறந்துவிடும் ஆபத்து உண்டு.

உங்கள் இடத்தில் நிலைமை எவ்வளவு மோசம் என்று அறிய வேண்டுமா? போன மாதத்து ஜி.ஆர்.என்.-களை எடுத்து, வாசலில் வண்டி நுழைந்ததைக் குறிக்கும் பதிவேட்டோடு தேதியைப் பாருங்கள். ஜி.ஆர்.என். தேதி வண்டி வந்த நாளோடு ஒட்டாமல் பில் வந்த நாளோடு ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். பகுதி வரவு ஒன்றுகூட இல்லை, நிராகரித்த கட்டம் ஆண்டு முழுவதும் காலி என்றாலும் அதே நோய்தான். பிறகு சரக்கிருப்பு எண்ணிக்கையைக் கேளுங்கள். உதாரணத்தில் இரண்டாவது வண்டியில் மீதி 16 கட்டுகளும் அப்படியே வந்திருந்தால் ஏட்டில் 1,000, கையில் வந்தது 960. எடுத்துப் பயன்படுத்தியதைக் கழித்த பிறகும் 40 குறையும். அதைத் திருட்டு என்பார்கள். பாவம், அந்த ஸ்டோர்காரரைத்தான் பார்ப்பார்கள். வாசலிலேயே வராத பெட்டியை உள்ளே யாரும் திருட முடியாது.

ஒப்பீட்டினால் பிடிக்க முடியாதவையும் உண்டு. பி.ஓ.-விலேயே விலையைக் கூட்டிப் போட்டிருந்தால் மூன்று காகிதமும் அழகாகப் பொருந்தும். எண்ணுகிறவரும் சப்ளையரும் கூட்டு சேர்ந்தாலும் பொருந்தும். அவற்றுக்கு வேறு வழிகள் தேவை.

கடைசியாக ஸ்டோர்காரரைப் பற்றி. அவரைக் குறை சொல்வதற்கு நான் இதை எழுதவில்லை. நீங்கள் பில்லை அனுப்பினீர்கள், அவர் நீங்கள் கேட்டதைக் கொடுத்தார். முறையை மாற்றிய முதல் மாதம் அளவு வித்தியாசங்கள் வரிசையாக வரும், சப்ளையர்கள் போன் செய்வார்கள், பணம் தாமதமாகும், மேலாளர் அவர்மேல் எரிந்து விழுவார். அந்த மாதத்தில் "பில்லில் இருப்பதைப் போட்டுவிடக் கூடாதா?" என்று ஒருவர் ஒரே ஒரு முறை அவரிடம் கேட்டால் போதும், அடுத்த மாதத்திலிருந்து உங்களுக்கு மறுபடியும் எல்லாம் பொருந்த ஆரம்பித்துவிடும். ஆகவே முதலில் மேலாளரிடம் பேசுங்கள், ஸ்டோருக்கு அதன் பிறகு போங்கள்.