பாட்டு வரி ஞாபகம் இருக்கு, தேடினா சிக்க மாட்டேங்குதா?

'நெஞ்சம் மறப்பதில்லை'ன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா புதுப் படம்தான் வருது. பழைய பாட்டு எங்க போச்சு?

2021ல அதே பேர்ல செல்வராகவன் படம் வந்துச்சுல்ல, அதான் அதோட ட்ரெய்லர், விமர்சனம் எல்லாம் முன்னாடி வந்து நிக்குது. நீங்க கேக்குறது 1963 படத்துப் பாட்டு, பி.பி.ஸ்ரீநிவாஸ், சுசீலா பாடினது. படமோ வருஷமோ தெரியாட்டி கூட பரவால்ல, குரல் யாருதுன்னு பெரும்பாலும் தெரியும்ல, அந்தப் பேர சேர்த்துப் போடுங்க. அப்பவும் புதுசே வந்தா அதுல மட்டும் இருக்கற ஒரு பேர மைனஸ் போட்டுக் கழிச்சு விடுங்க, மைனஸுக்கும் பேருக்கும் நடுவுல இடைவெளி விடக் கூடாது:

```
nenjam marappathillai susheela -selvaraghavan
```

marappathillai-யா, marapadhillai-யா? எது சரி?

ரெண்டையும் ஆளுங்க எழுதறாங்க, அதனால சரி தப்புன்னு ஒண்ணும் இல்ல. பிரபலமான பாட்டுன்னா கூகுளே சமாளிச்சுக்கும், அதிகம் கேக்காத பாட்டுதான் படுத்தும். அப்போ மாத்திப் பாக்க வேண்டிய இடம் கொஞ்சம்தான்: த-வுக்கு th, dh, d, ழ-வுக்கு zh, l, அப்புறம் இரட்டை எழுத்து, நெடில். ஒரு தடவைக்கு ஒண்ண மட்டும் மாத்துங்க. முக்கியமா இங்கிலீஷ் எழுத்துல தேடும்போது மேற்கோள் குறி வேண்டாம், அது போட்டா உங்க ஸ்பெல்லிங்க அப்படியே எழுதினவங்க பக்கம் மட்டும்தான் வரும்.

பல்லவி மறந்துபோச்சு, சரணத்துல ஒரு வரி மட்டும் தெரியும்...

இதுக்குத் தமிழ் எழுத்துதான் நல்லது. வீடியோ போடறவங்க தலைப்புல முதல் வரிய மட்டும் இங்கிலீஷ்ல வெச்சுட்டுப் போயிடுவாங்க, சரணம் இருக்கறது முழு வரியும் அடிச்சு வெச்ச பக்கத்துலதான். ஆனா காதுல கேட்டத எழுதறோம்கறதால ல-ள-ழ, ர-ற குழப்பம் வரும். "வந்த வழி"யா "வந்த வலி"யான்னு பாட்டக் கேட்டா பல நேரம் பிரியாது, அர்த்தமும் ரெண்டுக்கும் பொருந்தித் தொலைக்கும், அதனால ரெண்டையும் போட்டுப் பாருங்க. இன்னொரு தொல்லை, சொல்லச் சேர்த்து எழுதறது. 'உன்னைப் பார்த்து'ன்னு நீங்க பிரிச்சு அடிப்பீங்க, அங்க 'உனைப்பார்த்து'ன்னு ஒட்டியிருக்கும். முழு வரியையும் மேற்கோள்ல போட்டா இங்கதான் மாட்டும். சந்தேகமே இல்லாத ரெண்டு மூணு சொல்ல மட்டும் மேற்கோள்ல வெச்சுட்டு மிச்சத்த வெளிய சும்மா விடுங்க.

பாட்டு வரி இருக்கற ஒரு பழைய பக்கம் எனக்கே தெரியும், ஆனா தமிழ்ல தேடினா அது வரவே மாட்டேங்குது?

யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி இருந்த டிஸ்கி மாதிரி குறியாக்கத்துல அடிச்ச பக்கமா இருக்கலாம். திறந்து பாருங்க, புரியாத குறியா கொட்டியிருந்தா அதேதான். நீங்க அடிக்கற தமிழும் அதுல இருக்கறதும் கம்ப்யூட்டருக்கு வேற வேற. அந்தக் காலத்துப் பக்கத்துல படப் பேராவது இங்கிலீஷ்ல இருக்க வாய்ப்பு உண்டு, அத வெச்சுத் தேடுங்க.