செட்டிபாளையம் ட்ராக்ல முதல் நாள்

"கோயமுத்தூர் செட்டிபாளையத்துல இருக்கற கரி ஸ்பீட்வேல மொத தடவ பைக் ட்ராக் ஸ்கூல் போறேன், போனதும் என்ன நடக்கும், என்ன சொல்லித் தருவாங்க?"

காலைல நேரமே போயிருங்க, போனதும் பைக்க ஓட்ட விடமாட்டாங்க, மொதல்ல செக்கிங் தானுங்க. ஆயில் ஒழுகுதா, செயின் தொங்குதா, டயர்ல பட்டன் இருக்கான்னு பாப்பாங்க, கண்ணாடிய கழட்டிட்டு லைட்டு மேல டேப் ஒட்டச் சொல்லுவாங்க, உடைஞ்சா சில்லு ட்ராக்ல சிதறக்கூடாதுல்ல. அப்புறம் கொடி பத்தி வகுப்பு, செவப்பு காட்டினா ரேஸ் நின்னுருச்சுன்னு அர்த்தம், சட்டுனு பிரேக் அடிக்காம மெதுவா பிட்டுக்கு வந்துரணும்.

ஆனா உண்மையான பாடம் கண்ணுதாங்க. ஸ்ட்ரெய்ட்ல வேகமா வந்து வளைவு கிட்ட பயந்துட்டா எல்லாரும் பாக்கறது ட்ராக் ஓரத்த, பைக்கும் நேரா அங்கயே போகும். அதுக்குத்தான் கோன் வெச்சிருப்பாங்க. மொத கோன்ல, வண்டி நேரா இருக்கப்பவே பிரேக் புடிச்சு வேகத்த கொறச்சிருங்க, திருப்பறதுக்கு முன்னாடியே கண்ணு உள்பக்க கோனுக்குப் போயிரணும், வண்டி அதத் தொடறதுக்குள்ள பார்வை வெளிய போற கோன்ல இருக்கணும். வளைவு நடுவுல ஆக்சிலேட்டர விட்டு விட்டுப் புடிக்கறீங்கன்னா உள்ள வந்த வேகம் தப்பு, அடுத்த ரவுண்டுல இன்னும் முன்னாடியே பிரேக் புடிங்க. முழங்கால் தரைல உரசறதெல்லாம் இப்ப வேண்டாங்க.