40 நிமிடம், 22 கேள்வி

அன்புள்ள ஐயா,

எங்கள் நிறுவன ஆண்டுவிழாவில் முன்னாள் நிர்வாக இயக்குநரை நான் மேடையில் பேட்டி காண வேண்டும். 'ஃபயர்சைட் சாட்' என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். 40 நிமிடம். 22 கேள்விகள் எழுதியிருக்கிறேன். 'உங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆரம்பிக்கலாமா? கேள்விகளை முன்பே அவருக்கு அனுப்பலாமா? கோட் போட வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

கோட் உங்கள் விருப்பம். மேடை விளக்குக்கு வியர்க்கும், அவ்வளவுதான்.

22 கேள்விகளை என்ன செய்வதாக உத்தேசம்? கடைசிப் பத்து நிமிடம் பார்வையாளர்களுக்குப் போய்விடும். மீதி 30. பெரிய பதவியில் இருந்தவர் ஒரு கேள்விக்கு மூன்று நான்கு நிமிடம் பேசுவார். ஆக எட்டு, ஒன்பது முறைதான் நீங்கள் வாய் திறக்க முடியும். மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். மிச்சத்தை அவர் பேச்சிலிருந்து எடுக்க வேண்டும்.

'பயணம்' வேண்டவே வேண்டாம். அந்தக் கதையை அவர் நூறு மேடைகளில் சொல்லியிருப்பார். எந்த இடத்தில் கைதட்டல் விழும் என்பதுகூட அவருக்குத் தெரியும். முதல் கேள்விக்கு அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கக் கூடாது. 2007 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஒரு மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸையும் பில் கேட்ஸையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, பத்திரிகையாளர்கள் காரா ஸ்விஷரும் வால்ட் மாஸ்பெர்கும் பேட்டி எடுத்தார்கள். ஸ்விஷரின் முதல் கேள்வி: கணினித் துறைக்கு மற்றவர் என்ன செய்திருக்கிறார்? அதாவது பில்லைப் பற்றி ஸ்டீவ் சொல்ல வேண்டும், ஸ்டீவைப் பற்றி பில். பல வருடப் போட்டியாளர்கள். இருவராலும் சுயபுராணம் பாட முடியவில்லை. மென்பொருள் நிறுவனம் என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலத்தில் பில் அதைத் தொடங்கினார் என்று ஜாப்ஸ் சொன்னார்.

உங்கள் விருந்தினரிடமும் இதைச் செய்யலாம். 'உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் செய்ததில், எதை நீங்கள் மாற்றாமல் விட்டீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. யோசிப்பார்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருங்கள். இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு விழாவில் ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவரைப் பேட்டி எடுத்தார்கள். வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், 'அன்றைக்கு ராத்திரி மேலேயிருந்து உத்தரவு வரவில்லை, மதகை நானே திறக்கச் சொல்லிவிட்டேன்' என்று சொல்லி நிறுத்தினார். அரங்கில் ஒரு சத்தமில்லை. தொகுப்பாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். 'அருமை சார். இன்றைய இளைஞர்களுக்கு நீங்கள் சொல்ல விரும்புவது?' என்றார். எனக்கு எழுந்து போய் அந்த அட்டையைப் பிடுங்கலாம் போலிருந்தது. ஒரு மனிதர் அரை நூற்றாண்டாக மனதில் வைத்திருந்ததை எடுத்து முன்னால் வைக்கிறார், நீ அட்டையைப் பார்க்கிறாயே!

என்ன கேட்டிருக்கலாம்? 'திறக்கச் சொன்னதும் அவர் உடனே திறந்தாரா?' அடுத்து, 'திறக்காமல் விட்டிருந்தால் எந்த ஊர் போயிருக்கும்?' அப்புறம், 'காலையில் மேலதிகாரி என்ன சொன்னார்?' மூன்றும் சின்னக் கேள்விகள். மூன்றும் அவர் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே இருக்கின்றன. 'அப்போது எப்படி உணர்ந்தீர்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், 'பெருமையாக இருந்தது' என்று முடித்துவிடுவார். ஆள், இடம், நேரம், வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டால் நினைவு தானாக எழும். ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான். இரண்டைச் சேர்த்துக் கேட்டால் சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்துவிடுவார்கள்.

எந்தப் பதிலைத் தொடர்வது என்று எப்படித் தெரியும்? சபையைப் பார்த்துச் சரளமாகப் பேசினால் அது பழைய கதை, விட்டுவிடலாம். உங்களைப் பார்த்து, தயங்கி, பாதியில் வாக்கியத்தை மாற்றினால் அங்கேயே நில்லுங்கள்.

அதே 2007 மேடையில், கடைசியில் பார்வையாளர் ஒருவர், மற்றவரிடமிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்டார். ஸ்டீவின் ரசனை கிடைக்க நிறையவே கொடுப்பேன் என்றார் கேட்ஸ். சபை சிரித்தது. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. தான் பொறியியல் கேள்வியாகப் பார்த்ததை, ஸ்டீவ் மனிதர்களையும் பொருளையும் பற்றிய உணர்வால் தீர்மானித்ததை ஆப்பிளின் மேக் கணினி பற்றிய கூட்டங்களில் பார்த்ததாக விவரித்தார். கேட்ஸ் தானாகவே உதாரணத்துக்குப் போனார். எல்லா விருந்தினரும் போக மாட்டார்கள். 'அதை எங்கே பார்த்தீர்கள்?' என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முன்பே அனுப்புவதைக் கேட்டீர்கள் அல்லவா? தலைப்புகளை அனுப்புங்கள், கேள்விகளை வேண்டாம். அனுப்பினால் அவருடைய உதவியாளர் பதில் எழுதித் தருவார், அவர் வாசிப்பார். வழக்கு நிலுவையில் இருப்பது, குடும்ப விஷயம் என எதைத் தொடக் கூடாது என்பதை மட்டும் முந்தின நாள் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டிக்குள் வரவேண்டிய கதையை அந்தப் போனில் சொல்ல விடாதீர்கள். மேடையில் இரண்டாவது முறை சொல்லும்போது சுருக்கிவிடுவார்.

அப்புறம், பொன்னாடையை ஆரம்பத்திலேயே போர்த்திவிடச் சொல்லுங்கள். முடிவில் வைத்தால், அதை மடித்துக் கையில் பிடித்தபடி ஒருவர் பத்து நிமிடம் முன்னதாகவே மேடை ஓரத்தில் வந்து நின்றுகொள்வார். உங்கள் விருந்தினர் அவரைப் பார்த்துப் பேச்சை முடித்துவிடுவார்.