நாலு மணி நேரத் தூக்கத்தில் குரூப் 4 படித்த கதை

"குரூப் 4 தேர்வுக்கு இன்னும் 60 நாள்தான் இருக்கு. தூக்கத்தை 4 மணி நேரமா குறைச்சு, காலை டிபனையும் விட்டுட்டா நேரம் மிச்சமாகுமா?"

ஆகாது. நான் இதைச் செய்து, ஒரு முறை தேர்வையே கோட்டைவிட்டவன் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் வேலைக்குப் போகாமல் முழு நேரமும் படிப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

என் அட்டவணைப்படி இரவு ஒரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழ வேண்டும். காலையில் டீ மட்டும். தாளில் கூட்டிப் பார்த்தால் 15 மணி நேரப் படிப்பு. முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு பழக்கம் ஆரம்பித்தேன். முந்தைய நாள் படித்ததிலிருந்து காலையில் 20 கேள்வி எழுதிப் பார்ப்பேன். காலை ஆறு மணிக்குப் படித்த பாடத்தில் 13, 14 சரியாக வரும். இரவு பதினொன்றுக்கு மேல் படித்த பாடத்தில் ஏழைத் தாண்டாது. ஏழாம் வகுப்பு வரலாற்றில் பக்கம் பக்கமாக நான் கோடு போட்டது தெரிகிறது, படித்த ஞாபகம் இல்லை.

மாதிரித் தேர்வில் இன்னும் மோசம். 87ஆம் கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். 88க்கான விடையை ஓ.எம்.ஆர். தாளில் 87ஆம் வரிசையில் கருப்பாக்கிவிட்டேன். பத்துப் பதினைந்து கேள்வி தள்ளித்தான் தெரிந்தது. தெரியாத கேள்விகளில் போன மதிப்பெண்ணைவிட இப்படிக் கவனம் சிதறிப் போனதே அதிகம்.

காரணம் எளிது. பகலில் படித்தது மூளையில் நிலைப்பதற்குத் தூக்கம் வேண்டும். ஆழ்ந்த தூக்கம் இரவின் முன்பாதியில் அதிகம், கனவுத் தூக்கம் விடியற்காலையை ஒட்டி அதிகம். நாலு மணி நேரத்தில் எழுந்தால் அந்தப் பின்பாதியில் பெரும்பகுதி போய்விடும். 2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம், தொடர்ந்து இரண்டு இரவு வரை விழித்திருந்தவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் அவர்களுக்குத் தாங்கள் அவ்வளவு மோசமாக இருப்பதாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அந்த 20 கேள்விதான் காட்டிக்கொடுத்தது. "நான் நாலு மணி நேரம் தூங்கியே பாஸ் பண்ணினேன்" என்று யாராவது கீழே எழுதலாம். இருக்கலாம், மறுக்கவில்லை. தூங்கியிருந்தால் இன்னும் எத்தனை மதிப்பெண் வந்திருக்கும் என்று அவர்களுக்கும் தெரியாது.

டிபனை விட்டதில் நேரமும் மிச்சமாகவில்லை. பதினொரு மணிக்கே பசி, மதியம் தட்டு நிறையச் சோறு, ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை மேசையிலேயே தூக்கம். இருபது நிமிட இட்லிக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தேன். இதில் நூலகத்தையும் சொல்ல வேண்டும். நான் போன வாசிப்பறையில், சாப்பிடப் போய் வந்தால் இடம் போயிருக்கும். ஆளே வராமல் நோட்டு வைத்து இடம் பிடித்தவர்கள் பாதி. அவர்களைக் கேட்பார் இல்லை. அதற்குப் பயந்தே எத்தனை பேர் மதியச் சாப்பாட்டை விட்டார்கள் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

சரி, அட்டவணைக்கு வருவோம். தேர்வு காலை 9:30க்கு. அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். மூளை அப்போது நன்றாக விழித்திருக்க வேண்டுமென்றால் 5:30க்கு எழ வேண்டும், அப்படியென்றால் இரவு 10 மணிக்குப் படுக்கை. இதை முதலில் எழுதுங்கள். அடுத்து 8 மணி டிபன், 12:45 மதியச் சாப்பாடு, 7:30 இரவுச் சாப்பாடு. மீதி இடத்தில்தான் பாடம். இரண்டாவது முறை நான் வைத்தது இது: 6 முதல் 8 வரை கணக்கு, 9:30 முதல் 12:30 வரை கடினமான பாடம் அல்லது மாதிரித் தேர்வு. சாப்பிட்டதும் அலாரம் வைத்து 20 நிமிடத் தூக்கம். அதற்கு மேல் போனால் எழுந்த பிறகும் மந்தமாக இருக்கும். 2 முதல் 3:30 வரை நடப்பு நிகழ்வுகள், 4:30 முதல் 7 வரை புதிய பாடம். 8:15 முதல் ஒரு மணி நேரம், அன்று படித்ததைப் புத்தகம் மூடி எழுதிப் பார்ப்பது. கூட்டினால் 10 மணி நேரம். பழைய 15ஐவிட இதில் நின்றது அதிகம்.

கடைசி டீ 4 மணிக்கு. காபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், இரவு டீ குடித்தால் பத்து மணிக்குப் படுத்தும் புரண்டுகொண்டிருப்பீர்கள். ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒன்றாக்குங்கள், படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னே கொண்டுவாருங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மருத்துவரிடம் கேட்டே மாற்ற வேண்டும்.

60 நாளில் பாடத்திட்டம் முடியாது என்று தோன்றினால் இரவைத் தொடாதீர்கள், பாடத்தைக் குறையுங்கள். 200 கேள்வியில் 100 தமிழ். நான் அதை முழுதாக முடித்துவிட்டு, பொது அறிவில் இரண்டு பகுதிகளைத் தொடாமலேயே விட்டேன்.