சோலார் லாந்தர்: எத்தனை மணி நேரம் சார்ஜ், எத்தனை மணி நேரம் வெளிச்சம்?

“3 வாட் பேனல், 3.7 வோல்ட் 2600 mAh பேட்டரி. எவ்வளவு நேரத்தில் சார்ஜ் ஏறும்? இரவு முழுக்க எரியுமா?”

முதலில் mAh-ஐ வாட்-மணியாக மாற்றுங்கள்: 2600 mAh என்றால் 2.6 ஆம்பியர்-மணி, 3.7 × 2.6 = 9.6. பேனல் 3 வாட் என்றாலும் வெயிலில் கைக்கு வருவது சுமார் 2 வாட்தான். மலிவு லாந்தர்களில் 6 வோல்ட் பேனலை 4 வோல்ட் பேட்டரியோடு அப்படியே இணைத்துவிடுவதால் மீதி சூடாகவே வீணாகிறது. ஆக, நல்ல வெயிலில் 5 மணி நேரம்.

இரவில் 9.6-ல் 8 வாட்-மணிதான் விளக்குக்குக் கிடைக்கும். 1 வாட் எல்இடி என்றால் 8 மணி நேரம். மங்கலாக, அரை வாட்டில் வைத்தால் விடியும்வரை தாராளமாக எரியும்.

அப்புறம், பேனல் மேல் கொடிக்கயிற்றுத் துணியின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே சார்ஜ் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பேனலின் செல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒன்று மூடினால் எல்லாம் திணறும். கண்ணாடி ஜன்னலுக்குள் வைப்பதும் வேண்டாம்.