டைபாய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி பலம் பெறுமா?

"டைபாய்டுக்கு டாக்டர் செஃபிக்சிம் 14 நாளுக்கு எழுதினார். ஆறாம் நாளே காய்ச்சல் போயிடுச்சு. இப்போ நிறுத்தினா கிருமி மருந்துக்குப் பழகிடும்னு பயமுறுத்துறாங்க. உண்மையா?"

நிறுத்தாதீர்கள். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் சரியில்லை.

டைபாய்டு கிருமி நம் வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று தங்கிவிடும். செஃபிக்சிம் ரத்தத்தில் இருப்பதை நன்றாகக் கொல்லும். அணுக்களுக்குள் அவ்வளவாகப் போகாது. அதனால்தான் காய்ச்சல் இறங்கவே ஐந்தாறு நாள் ஆகிறது, இறங்கிய பிறகும் உள்ளே மிச்சம் இருக்கிறது. அசித்ரோமைசின் அணுக்களுக்குள் போய்ச் சேரும் மருந்து, எனவே இதே நோய்க்கு அதை ஏழு நாள் கொடுத்தாலே பெரும்பாலும் போதும்.

மருந்துக்கடையில் நான் அடிக்கடி பார்ப்பது இது: 28 மாத்திரைச் சீட்டோடு வந்து, "பத்து மட்டும் குடுங்க, மீதியை அப்புறம் வாங்கிக்கிறேன்" என்பார்கள். காய்ச்சல் விட்டதும் அந்த அப்புறம் வராது. இப்படி விட்டவர்களில் சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் திரும்பும். அப்போது ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் பழைய மருந்துக்கே சாகும் கிருமியாகத்தான் இருக்கும். அது பலம் பெறவில்லை. சாகாமல் மிஞ்சியது, அவ்வளவுதான்.

இந்தப் பயம் பழையது. 1945 நோபல் உரையிலேயே, பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், தொண்டை வலிக்குப் போதாத அளவு பென்சிலின் போட்டுக்கொண்டு கிருமியைப் பழக்கிவிடும் ஒருவரைக் கற்பனையாகச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன அந்தத் தொண்டைக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்றுவரை பென்சிலினுக்குச் சாகிறது. காசநோய் நிஜமான விதிவிலக்கு. அதில் மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்தக் கிருமியே மருந்தை எதிர்க்கும் சக்தி பெறும்.

மற்றபடி கிருமிகள் மருந்தை எதிர்க்கும் சக்தி அதிகமாக வளரும் இடம் நம் குடல். நோயோடு சம்பந்தமே இல்லாமல் அங்கே வாழும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு மசியாதவை மட்டும் தப்பிப் பெருகும், அந்த மரபணுவை மற்றவற்றுக்கும் கொடுக்கும். மாத்திரை நாள் கூடக் கூட இதுவும் கூடும். ஆகவே "எதுக்கும் இன்னும் ரெண்டு நாள் போட்டுக்கலாம்" என்பதும் தப்புதான். சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபுரன்டாயின் ஐந்து நாள் போதும் என்றால் ஐந்தே நாள்.

ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள்: உங்களுக்கு டைபாய்டு என்று உறுதியானது ரத்தக் கல்ச்சரிலா, விடால் டெஸ்டிலா? விடால் நம் ஊரில் டைபாய்டு இல்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் காட்டும். அதை வைத்து ஆரம்பித்த மருந்தை, இது வேறு காய்ச்சல் என்று தெரிந்து டாக்டரே பாதியில் நிறுத்தச் சொன்னால் தயங்காமல் நிறுத்துங்கள். மிச்ச மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம்.