வகுப்பறை ஆய்வு: முறையியல் இயல் பற்றிய கேள்விகள்

7 ‘பி’ பிரிவில் 34 பேர். ‘எளிய சமவாய்ப்பு மாதிரி முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்’ என்று எழுதியதை நெறியாளர் அடித்துவிட்டார். ஏன்?

குலுக்கல் போட்டீர்களா? இல்லையே! தலைமையாசிரியர் கொடுத்த பிரிவை எடுத்துக்கொண்டீர்கள். கட்டுக் கட்டாக ஆய்வேடு திருத்துகிறேன், இந்த ஒரு பொய் மட்டும் ஓய்ந்தபாடில்லை. சிலர் கிரெஜ்சி–மார்கன் அட்டவணையை வேறு ஒட்டுகிறார்கள். 40 பேருக்கு 36 போதும் என்கிறது அது. அப்படியானால் மீதி 4 பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டா பாடம் எடுத்தீர்கள்? பெரிய கூட்டத்தின் போக்கை ஒரு பகுதியை வைத்து மதிப்பிடுவதற்கான அட்டவணை அது. முழு வகுப்புக்கும் பாடம் எடுப்பவருக்கு அதில் வேலையில்லை.

செய்ததை எழுதுங்கள். இப்படி: ‘ஆய்வாளர் கணிதம் கற்பிக்கும் 7 ‘பி’ பிரிவின் 34 மாணவர்களும் பங்கேற்றனர். பிரிவுகளைக் கலைக்க இயலாததால் வசதி மாதிரி பின்பற்றப்பட்டது. குறையறி தேர்வில் 20-க்கும் மேற்பட்டோர் 1/3 + 1/4 = 2/7 என எழுதியதால் இவ்வகுப்பு ஆய்வுச் சிக்கலுக்குப் பொருந்துகிறது.’ பின்தேர்வுக்கு 3 பேர் வரவில்லையென்றால், பகுப்பாய்வில் 31 பேர்தான் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். முடிவை மாவட்டம் முழுக்க நீட்டாதீர்கள்.

முன்தேர்வு, பின்தேர்வு இரண்டுக்கும் ஒரே வினாத்தாள் வைக்கலாமா?

இரண்டு வார இடைவெளி என்றால் பிள்ளைகளுக்கு விடை நினைவிருக்கும். வினா வகையை மாற்றாமல் எண்களை மாற்றுங்கள்: அங்கே 1/3 + 1/4, இங்கே 1/2 + 1/5. இரு தாளும் ஒரே கடினம்தானா என்று பார்க்க, ‘ஏ’ பிரிவில் ஒருவர் விட்டு ஒருவருக்கு மாற்றி மாற்றிக் கொடுங்கள். சராசரிகள் நெருங்கி வந்தால் சரி. அதைச் செய்ததையும் எழுதுங்கள்.

‘கருவி வல்லுநர்களால் சரிபார்க்கப்பட்டது’ என்பது போதுமா?

போதாது. யார், எத்தனை பேர், அவர்கள் சொல்லி எது மாறியது? ‘நீண்ட வாக்கியக் கணக்குகள் இரண்டு, பின்னத்தைவிட வாசிப்பையே சோதிக்கின்றன என்று மூத்த கணித ஆசிரியர்கள் இருவர் கூறியதால் நீக்கப்பட்டன’ என்று எழுதினால் நம்பலாம். வேறொருவர் ஆய்வேட்டிலிருந்து நம்பகத்தன்மைக் கெழுவைத் தூக்கி வந்து வைக்காதீர்கள். அது அவர் மாணவர்களிடம் கிடைத்த எண்.

செயல்முறைப் பகுதியில் ‘கற்பிக்கப்படும்’ என்று எழுதலாமா?

முன்மொழிவில் எழுதலாம். ஆய்வேட்டில் ‘கற்பிக்கப்பட்டது’. நகலெடுத்து ஒட்டியது பளிச்சென்று தெரிகிறது.

முன்தேர்வில் கடைசி 10 பேரை எடுத்தேன். எல்லோரும் முன்னேறிவிட்டார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாதது குறையா?

இங்கே குறைதான். ஒரே தேர்வின் அடிமட்டத்தில் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்தவனும் இருப்பான், வினாவைச் சரியாகப் படிக்காதவளும் இருப்பாள். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்கள் மதிப்பெண் கொஞ்சம் ஏறும். ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு தேர்வு, முன்தேர்வாக வேறொன்று என்று பிரித்திருந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறைந்திருக்கும். இப்போது செய்யக்கூடியது, தேர்ந்தெடுத்த விதத்தை மறைக்காமல் எழுதி, ஏற்றத்தில் ஒரு பங்கு இதனாலும் வந்திருக்கலாம் என்று வரம்புகளில் சேர்ப்பதுதான்.

ஐயா, முறையியல் மாதிரி ஒன்று அனுப்பவும். அவசரம்.

தலைப்பையே சொல்லவில்லையே!